மங்கிய மையும் எண்ணிய எழுத்தும்: ஆச்சியின் நோட்டிலிருந்து மீண்ட அம்மன் பாட்டு

கையால் எழுதிவைத்த துதிப்பாட்டு ஒன்றில் எழுத்துகள் மங்கிப்போனால், அதை மீட்டு வாசிக்க மூன்று சான்றுகள் உதவும். தாளில் மிஞ்சியிருக்கும் மைத்தடம் ஒன்று. பாட்டின் யாப்பு இன்னொன்று. அதைப் பாடக் கேட்டவர்களின் நினைவு மூன்றாவது. இவற்றில் குறைந்தது இரண்டாவது ஒத்துவந்தால்தான் ஒரு சொல்லைப் பாடம் என்று எழுதிக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சொல்வது ஊகமாகவே நிற்கும்.

திருநெல்வேலிப் பக்கத்துக் குடும்பம் ஒன்றில், ஆச்சி எழுதிவைத்த அம்மன் பாட்டு நோட்டை அவர் பேத்தி வாசித்தெடுத்த விதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊர் அம்மன்மேல் பாடிய பத்துப் பாட்டு அது. ஆடி வெள்ளிக்கிழமைகளில் ஆச்சி பாடிவந்தார். நோட்டு பல ஆண்டுகள் பூஜை அலமாரியில் இருந்ததால் மஞ்சளும் குங்குமமும் எண்ணெயும் ஏறியிருந்தன. தைத்த நூல் இற்றுத் தாள்கள் தனித்தனியாகப் பிரிந்துகிடந்தன. பாதி எழுத்துகள் வெளிறிப் பழுப்பாகிவிட்டன.

அச்சில் உண்டா என்று பார்த்தல்

மங்கிய பாட்டு கையில் கிடைத்ததும் செய்யவேண்டிய முதல் வேலை, அது ஏற்கனவே அச்சில் வந்ததா என்று தேடுவது. அபிராமி அந்தாதி, கந்தர் அலங்காரம் போன்றவை என்றால் நல்ல பதிப்புகள் உண்டு; நோட்டில் உள்ளதை அவற்றோடு ஒப்பிட்டாலே போதும். தெளிவாக வாசிக்க முடிகிற ஒரு வரியின் தொடக்கத்தை எடுத்துக்கொண்டு, பாட்டு முதற்குறிப்பு அகராதியுள்ள பதிப்புகளிலும், 1998 முதல் இயங்கும் மதுரைத் திட்டத்தின் மின்பதிப்புகளிலும், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் உள்ள பழைய குஜிலிப் புத்தகங்களிலும் தேடலாம்.

பேத்தி தேடிய இடங்களில் இந்தப் பாட்டு இல்லை. ஊர்க் கோயில் ஒன்றுக்கென்று யாரோ ஒரு புலவர் பாடிக்கொடுத்து, வீடு வீடாகக் கைப்பிரதியாகவே வழங்கிய பாட்டாக இருக்கலாம். அச்சுப் பாடம் இல்லாததால் நோட்டு ஒன்றே ஆதாரம் ஆயிற்று.

தாளைத் தொடுமுன்

மங்கிய எழுத்தைக் கண்டதும் பலருக்கு அதன்மேல் புதுப் பேனாவால் எழுதிப்பார்க்கத் தோன்றும். அப்படிச் செய்தால் பழைய தடம் புது மைக்கு அடியில் போய்விடும். எழுதினவர் ஊகித்தது மட்டுமே மிஞ்சும். ஒட்டுநாடாவின் பசை நாளடைவில் மஞ்சளாகித் தாளுக்குள் இறங்கும். லேமினேஷன் செய்தால் சூடும் பசையும் சேர்ந்து, பிறகு பிரிக்கவே முடியாதபடி ஆகிவிடும். 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய நூலகங்களில் மங்கிய ஏடுகளின்மேல் மாசிக்காய்ச் சாற்றைத் தடவி எழுத்தைக் கறுக்கவைத்தார்கள். எழுத்து சிலகாலம் தெரிந்தது. பிறகு பக்கம் முழுவதும் கறுத்து, எந்த முறையாலும் வாசிக்க முடியாமல் போனது.

அதனால் பேத்தி மெல்லிய தூரிகையால் தூசியை மட்டும் தட்டிவிட்டு, ஒவ்வொரு தாளையும் இருபுறமும் படம் எடுத்தார். அதன்பிறகு வேலையெல்லாம் படத்தில்தான். படத்தை அழுத்திச் சுருக்கும் வடிவத்தில் சேமித்தால் மெல்லிய தடங்கள் அழிந்துவிடும் என்பதால் TIFF கோப்பாகவே வைத்துக்கொண்டார்.

மை எப்படி மங்குகிறது

எந்த மை என்று தெரிந்தால்தான் எந்த வெளிச்சத்தில் தேடுவது என்று தெரியும். ஆச்சியின் நோட்டில் இரண்டு விதமான எழுத்து இருந்தது. பெரும்பகுதி ஊற்றுப்பேனாவால் எழுதியது. கடைசி இரண்டு பாட்டுகள் பிற்காலத்தில் பால்பாயிண்ட் பேனாவால் எழுதியவை.

அந்தக் காலத்து நீலக்கறுப்பு மையில் இரண்டு பொருள்கள் சேர்ந்திருக்கும். ஒன்று நீலச் சாயம். எழுதும்போது கண்ணுக்குத் தெரிவது அதுதான். மற்றது இரும்பு உப்பும் துவர்ப்புப் பொருளும் சேர்ந்த கலவை. அது காற்றுபட்டுத் தாளுக்குள்ளேயே கறுக்கும். ஆண்டுகள் போகப்போகச் சாயம் முதலில் வெளிறும். இரும்புக் கலவை பழுப்பாகித் தங்கிவிடும். அந்தப் பழுப்பும் தாளின் பழுப்பும் ஒரே நிறமாகிவிடுவதால் எழுத்து இல்லாததுபோல் தோன்றுகிறது. உண்மையில் மை தாளிலேயேதான் இருக்கிறது.

புறஊதா விளக்கில் இது தெரியவரும். 365 நானோமீட்டர் அலைநீள விளக்கை இருட்டறையில் காட்டினால் பழைய தாள் மங்கலாக ஒளிரும். இரும்பு மை அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் எழுத்து கறுப்பாக எழும்பும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். தாளுக்கும் அந்த ஒளி கெடுதல் என்பதால் படம் எடுக்கும் நேரத்துக்கு மட்டும் விளக்கைப் போடவேண்டும்.

குங்குமக் கறையும் மஞ்சள் கறையும் படிந்த பக்கங்களுக்கு வேறு வழி. வண்ணப்படம் ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று தனிப்படங்களின் கூட்டு. GIMP என்ற இலவச மென்பொருளில் Colors → Components → Decompose என்று போனால் மூன்றும் தனித்தனியாக வந்துவிடும். சிவப்புப் படத்தில் குங்குமமும் மஞ்சளும் ஏறக்குறைய வெள்ளையாகிவிடும். நீலச் சாயம் மிச்சமிருக்கும் எழுத்து கறுப்பாக நிற்கும். பேத்திக்கு முதல் பாட்டு முழுவதும் இந்த வழியில்தான் தெரிந்தது. எண்ணெய் இறங்கிய இடங்களில் மட்டும் இது பலிக்கவில்லை. அங்கே தாளே கண்ணாடிபோல் ஆகி, பின்பக்கத்து எழுத்தும் சேர்ந்து தெரிந்தது. அப்போது பின்பக்கத்தின் படத்தை இடவலமாகத் திருப்பிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தக் கோடு எந்தப் பக்கத்தது என்று பிரிக்கவேண்டும்.

பால்பாயிண்ட் எழுத்துக்குப் புறஊதாவால் பெரிய பயன் இருக்கவில்லை. ஆனால் அந்தப் பேனாவை அழுத்தித்தான் எழுதவேண்டும். மை போனாலும் தாளில் பள்ளம் இருக்கும். கைப்பேசி டார்ச்சைத் தாளின் மட்டத்துக்குக் கிடையாகப் பிடித்து இடமிருந்தும் மேலிருந்தும் மாற்றி மாற்றி அடித்தால் பள்ளத்தில் நிழல் விழும். குறுக்குக் கோடுகள் ஒரு திசையிலும் நெடுக்குக் கோடுகள் இன்னொரு திசையிலும் தெரியும் என்பதால் ஒரே இடத்தைப் பல திசை வெளிச்சத்தில் படம் எடுக்கவேண்டியிருந்தது.

ஆச்சியின் கையெழுத்தைப் படித்துக்கொள்ளுதல்

எழுத்து தெரிந்ததும் வாசித்துவிட முடியாது. முதல் பக்கத்தின் தலையில் பிள்ளையார் சுழியும், அடுத்து விகாரி ௵ ஆடி ௴ என்றும் இருந்தன. ௵ என்பது வருஷத்துக்கும் ௴ என்பது மாதத்துக்கும் அந்தக் காலத்தார் எழுதிய சுருக்கக் குறி. விகாரி 60 ஆண்டுக்கு ஒருமுறை வருவது: 1899, 1959, 2019. எழுதியவரின் வயதும் பேனாவும் நடு ஆண்டையே சுட்டுகின்றன.

1959 என்றால் பழைய எழுத்துமுறை. தமிழ்நாட்டரசு 1978 அக்டோபரில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று 13 எழுத்துகளின் வடிவத்தை மாற்றியது. அதற்கு முன் ணா, றா, னா ஆகியவற்றில் கால் தனியே நிற்காது. எழுத்தின் கடைசிக் கோடே கீழே வளைந்து சுழியும். ணை, லை, ளை, னை நான்கிலும் இன்றைய ஐகாரக் கொம்பு வராது. எழுத்தின் முன்பக்கத்தில் தும்பிக்கை என்று சொல்லப்பட்ட சுருள் கோடு ஏறும். இந்தத் தும்பிக்கை பாதி மங்கினால் அதை வேறொரு குறியென்று மயங்க வாய்ப்பு உண்டு.

பாட்டு எண்களும் தமிழ் எண்களாகவே இருந்தன. ஒன்று ககரம்போலவும், ஏழு எகரம்போலவும், எட்டு அகரம்போலவும் இருக்கும். ஒரு பாட்டுக்கு முன்னால் தனியே நின்ற "அ" என்ற எழுத்தைப் பாட்டின் முதலெழுத்து என்று கொண்டால் அந்த வரியின் கணக்கே கெட்டுவிடும். அது எட்டாம் பாட்டு என்று சொல்லும் எண்.

இதற்கெல்லாம் பேத்தி ஓர் எழுத்துப் பட்டியல் தயாரித்தார். தெளிவான வரிகளிலிருந்து ஆச்சி எழுதிய ஒவ்வோர் எழுத்தையும் வெட்டியெடுத்து வரிசையாக ஒட்டினார். அப்போது ஒன்று தெரிந்தது. ஆச்சியின் ரகரத்துக்குக் கீழே சாய்கோடு கிடையாது. அவருடைய ரகரமும் துணைக்காலும் ஒரே வடிவம். அதாவது "கர" என்று எழுதினாலும் "கா" என்று எழுதினாலும் பார்வைக்கு ஒன்றுதான். பழைய ஓலைச்சுவடிகளிலும் இதே மயக்கம் உண்டு.

யாப்பு என்ற கணக்கு

பாட்டின் யாப்பைக் கண்டுபிடித்ததும் வேலையின் போக்கு மாறியது. தெளிவாக இருந்த மூன்றாம் பாட்டில் நான்கு அடி, அடிக்கு ஐந்து சீர், கடைசிச் சீர் காயில் முடிந்தது, பாட்டு ஏகாரத்தில் முடிந்தது. இது கட்டளைக் கலித்துறை. திருக்கோவையாரும் கந்தர் அலங்காரமும் அபிராமி அந்தாதியும் இந்த யாப்பில் அமைந்தவை.

கட்டளைக் கலித்துறைக்கு ஒரு தனிக் குணம் உண்டு. அடியில் எத்தனை எழுத்து என்பதே கட்டளை. புள்ளி வைத்த மெய்யெழுத்துகளை விட்டுவிட்டு எண்ணினால், நேரசையில் தொடங்கும் அடியில் 16 எழுத்தும், நிரையசையில் தொடங்கும் அடியில் 17 எழுத்தும் இருக்கவேண்டும். "வேம்", "தேம்" போலத் தொடங்குவது நேர்; "கொடி", "நிழல்" போல இரண்டு எழுத்து சேர்ந்து தொடங்குவது நிரை. இதோடு சீருக்குச் சீர் வெண்டளை இருக்கவேண்டும்: மாச்சீருக்குப் பின் நிரை வரும், விளச்சீருக்கும் காய்ச்சீருக்கும் பின் நேர் வரும். மங்கிய வரியில் எத்தனை எழுத்து காணவில்லை, அவை எப்படித் தொடங்கவேண்டும் என்பதை இந்த விதிகளே சொல்லிவிடும்.

மூன்றாம் பாட்டின் முதல் அடி புறஊதாப் படத்தில் தெரிந்தபடி இது:

வேமபின நிழலில விளககேறறி நினறவர வேணடுமுனனே

மங்கும்போது முதலில் மறைவது புள்ளிதான். அதற்குப் பிடித்த மை மிகக் கொஞ்சம். இந்த வரியில் புள்ளி ஒன்றுகூட இல்லை. இருப்பதையெல்லாம் எண்ணினால் 25 எழுத்து. அடி நேரசையில் தொடங்குவதால் வேண்டியது 16. ஆக 9 எழுத்துகள் மெய்யாக இருக்கவேண்டும். பொருள் நோக்கிப் புள்ளி வைத்தால்:

வேம்பின் நிழலில் விளக்கேற்றி நின்றவர் வேண்டுமுன்னே

ம், ன், ல், க், ற், ன், ர், ண், ன் என்று சரியாக 9. வேப்பமர நிழலில் விளக்கேற்றி நின்றவர் கேட்பதற்கு முன்னாலேயே என்று பொருளும் ஓடுகிறது.

அதே பாட்டின் கடைசி அடியில் ரகர மயக்கம் வந்தது. இரண்டாம் சீர் "கரத்தொடு" என்றும் வாசிக்கலாம், "காத்தொடு" என்றும் வாசிக்கலாம்.

கூம்பும் கரத்தொடு கூடிடும் எங்கள் குலக்கொடியே

இரண்டாம் சீரை விட்டுவிட்டு எண்ணினால் 2, 3, 2, 5 என்று 12 எழுத்து. 16க்குக் குறைவது 4. "காத்தொடு" மூன்றெழுத்துதான்; அதோடு "கூம்பும்" என்ற மாச்சீருக்குப் பின் நேரில் தொடங்கித் தளையும் தட்டும். "கரத்தொடு" நான்கெழுத்து, நிரையில் தொடங்குவது. குவித்த கைகளோடு என்ற பொருளும் வந்துவிட்டது. ஆனால் இதே இடம் யாப்பின் எல்லையையும் காட்டியது. அந்தக் கொம்பு ஒற்றைக்கொம்பா இரட்டைக்கொம்பா என்று தாளில் தெரியவில்லை. "கரத்தோடு" என்று கொண்டாலும் நான்கெழுத்துதான், தளையும் கெடாது. பேத்தி "கரத்தொடு" என்று எழுதி, மற்றதைப் பக்கத்தில் குறித்துவைத்தார்.

கண்ணீரா, கண்ணையா

நோட்டில் அதிக நேரம் பிடித்த இடம் மூன்றாம் பாட்டின் இரண்டாம் அடி. நடுவில் எண்ணெய் இறங்கி ஒரு சொல் முழுவதும் போய்விட்டது.

தேம்பி அழுதவர் ....... துடைத்தவள் தேவிநல்லாள்

மிச்சமுள்ள சீர்களில் 2, 4, 4, 4 என்று 14 எழுத்து. குறைவது 2. முன்னால் நிற்கும் "அழுதவர்" விளச்சீர், எனவே விட்டுப்போன சீர் நேரில் தொடங்கவேண்டும். இரண்டே எழுத்தில் நேரில் தொடங்கும் சீர் என்றால் நேர் நேர் என்று அமையும் தேமாவாகத்தான் இருக்கமுடியும். அடுத்து வரும் "துடைத்தவள்" நிரையில் தொடங்குவதும் அதற்கு ஒத்துவருகிறது. அழுதவரிடமிருந்து துடைக்கக்கூடியதாக இந்த அளவில் பொருந்தும் சொற்கள் இரண்டு: "கண்ணீர்", "கண்ணை". யாப்பு இவற்றில் ஒன்றைத் தேர்ந்துகொடுக்காது.

இலக்கணம் கொஞ்சம் உதவியது. "கண்ணை" என்பதில் ஐகார வேற்றுமை உருபு வெளிப்படையாக இருப்பதால் அடுத்து வல்லினம் மிகும். "கண்ணைத் துடைத்தவள்" என்று தகர ஒற்று வரவேண்டும். "கண்ணீர் துடைத்தவள்" என்பதில் உருபு மறைந்திருக்கிறது, வல்லினம் மிகாது. ஆச்சி ஒற்று மிகும் இடங்களில் தவறாமல் போடுபவரா என்று பார்க்கவேண்டியதாயிற்று. நான்காம் பாட்டில் "வல்லியைக் கும்பிடுவோம்" என்று அதே வேற்றுமை உருபுக்குப் பின் ஒற்றுப் போட்டிருக்கிறார். மற்ற பாட்டுகளிலும் அப்படியே. எனவே "கண்ணை" என்றிருந்தால் பின்னால் ஒரு தகரம் இருந்திருக்கும். ஆச்சியின் தகரத்துக்கு வரிக்குக் கீழே இறங்கும் நீண்ட வால் உண்டு. எண்ணெய்க் கறைக்கு வெளியே, வரிக்குக் கீழே தாள் சுத்தமாக இருந்தது. வாலின் தடம் எதுவும் இல்லை.

பிறகு புறஊதாப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, கறையின் விளிம்பில் ஒரு சிறு வளைவு தெரிந்தது. அது எழுத்தின் வலப்புற மேல்பக்கத்தில் இருந்தது. பழைய ணைகாரத்தின் தும்பிக்கை முன்பக்கம் வரும். ஈகாரச் சுழி பின்பக்கம் வரும். ஆக மையும் இலக்கணமும் கண்ணீரையே சொல்கின்றன.

இவ்வளவும் முடிந்த பின்புதான் நினைவுச் சாட்சியிடம் பேத்தி போனார். ஆச்சியின் தங்கை சிறுவயதில் அக்காவோடு சேர்ந்து பாடியவர். நோட்டைக் காட்டாமல், தான் கண்டுபிடித்ததைச் சொல்லாமல், "தேம்பி அழுதவர்னு ஒரு வரி வருமே சின்னாச்சி, மேல பாடுங்களேன்" என்று மட்டும் கேட்டார். சின்னாச்சி கொஞ்சநேரம் உதட்டுக்குள்ளேயே ராகத்தை ஓட்டிப்பார்த்துவிட்டுப் பாடினார்: கண்ணீர் துடைத்தவள். "அந்த எடத்துல அக்கா ஒரு இழு இழுப்பா தாயி" என்றும் சொன்னார்.

கேட்கும் முறை இங்கே முக்கியம். "கண்ணீரா, கண்ணையா?" என்று கேட்டிருந்தால் காதில் விழுந்த இரண்டில் ஒன்றையே வயதானவர் சொல்வார்; அது சாட்சியாகாது. பாடிப் பழகியவர்களுக்குச் சொல் தனியே நினைவில் நிற்பது குறைவு. ராகத்தோடு ஓடும்போது தானே வரும். ஆகவே முந்தின வரியிலிருந்து பாடவிடவேண்டும். இதிலும் ஓர் அபாயம் உண்டு. நினைவு தளர்ந்த இடத்தில் பாடுபவர் வேறொரு அம்மன் பாட்டின் சொல்லை அறியாமலேயே பொருத்திவிடுவார். சின்னாச்சி ஏழாம் பாட்டில் பாடிய ஒரு அடியில் 19 எழுத்து இருந்தது. அந்த அடி இந்தப் பாட்டைச் சேர்ந்ததாக இருக்கமுடியாது.

அந்தாதி தந்த உதவி

மூன்றாம் பாட்டு "குலக்கொடியே" என்று முடிகிறது. நான்காம் பாட்டின் முதல் சொல் தண்ணீர்க் கறையில் போய்விட்டது. மற்றப் பாட்டுகளைப் பார்த்தால் ஒன்றின் முடிவுச்சொல் அடுத்ததன் தொடக்கமாக வருவது தெரிந்தது. பத்தும் அந்தாதித் தொடை. பிரிந்துகிடந்த தாள்களை வரிசைப்படுத்த அதுவே போதுமாக இருந்தது.

நான்காம் பாட்டின் முதல் அடியில் எஞ்சியது இது:

....... இடையுடைக் கோமள வல்லியைக் கும்பிடுவோம்

அந்தாதிப்படி முதல் சொல் "குலக்கொடி" என்றோ "கொடி" என்றோ தொடங்கவேண்டும். இரண்டும் நிரையில் தொடங்குவதால் அடிக்கு 17 எழுத்து. இருப்பவை 4, 3, 3, 4 என்று 14. குறைவது 3. "குலக்கொடி" நான்கெழுத்து, மேலும் அது விளச்சீர், அதன்பின் "இடை" என்ற நிரை வரக்கூடாது. ஆகவே "கொடி" என்ற இரண்டெழுத்தும், அதோடு நேரசையாகும் இன்னோர் எழுத்தும். கொடிபோல், கொடியின், கொடிநேர் என்று பல பொருந்தும். கறைக்குள் மூன்றாம் எழுத்தின் இடத்தில் ஒரு கொம்பின் மேல்வளைவு தெரிந்ததால் "கொடியின்" விலகிற்று. அதில் அந்த இடத்தில் கொம்பு வராது. "கொடிநேர்" விலகவில்லை. சின்னாச்சிக்கு இந்தப் பாட்டு நினைவில் இல்லை. பேத்தி இப்படி எழுதினார்:

[கொடி][போல்?] இடையுடைக் கோமள வல்லியைக் கும்பிடுவோம்

"கொடி" அந்தாதியால் உறுதி. "போல்" ஊகம் என்பதைக் கேள்விக்குறி சொல்லும்.

மங்கியதும் விட்டுப்போனதும்

ஆறாம் பாட்டில் மூன்று அடிதான் இருந்தது. தாளில் கறை இல்லை, அடிகளுக்கு இடையில் கூடுதல் வெளியும் இல்லை. எனவே நான்காவது அடி மங்கிப்போகவில்லை; எழுதும்போதே விட்டுப்போயிருக்கிறது. எதுகை இதற்கு வழிவகுக்கும். நான்கு அடியின் தொடக்கமும் வேம்பின், தேம்பி, சாம்பல், கூம்பும் என்று ஒரே சாயலில் இருந்தால், மூலத்தைப் பார்த்து எழுதுகிறவரின் கண் ஓர் அடியைத் தாண்டி அடுத்ததில் விழுந்துவிடும். ஆச்சி வேறொரு பிரதியைப் பார்த்துத்தான் எழுதினார் என்பதற்கு இது அடையாளம்.

வேறு சில பிழைகள் காதைச் சேர்ந்தவை. "கிழக்கு" என்பதைக் "கிளக்கு" என்று எழுதியிருந்தார். பார்த்து எழுதுகிறவரும் சொல்லைத் தமக்குள் சொல்லிக்கொண்டே எழுதுவதால் பேச்சு ஒலி எழுத்தில் இறங்கிவிடுவது உண்டு. இப்படிப்பட்ட இடங்களில் எழுத்தைத் திருத்திவிட்டால் ஆச்சியின் ஊர்ப் பேச்சுக்கான தடயமும் போய்விடும். திருத்தாமல் விட்டால் பாடுகிறவர்கள் தடுமாறுவார்கள்.

இரண்டு பிரதிகள்

அதனால் பேத்தி இரண்டு பிரதிகள் எழுதினார். முதலாவது உள்ளது உள்ளபடி. வரி முறிவு, தமிழ் எண், "கிளக்கு", வைக்காத புள்ளி எல்லாம் தாளில் இருப்பதுபோலவே அதில் இருக்கும். அழிந்து, சான்றுகளால் நிரப்பிய எழுத்து பகர அடைப்புக்குள், ஊகமானால் கேள்விக்குறியோடு, நிரப்ப வழியில்லாத இடத்தில் எழுத்துக்கு ஒன்றாகப் புள்ளிகள். கல்வெட்டுகளையும் பழஞ்சுவடிகளையும் பதிப்பிப்பவர்களும் அழிந்த இடத்துக்குப் பகர அடைப்பைப் பயன்படுத்துவதால் யார் பார்த்தாலும் விளங்கும். ஒவ்வொரு அடைப்புக்கும் எது சான்று என்று ஓரத்தில் ஓர் எழுத்து: மைக்கு "மை", யாப்புக்கு "யா", நினைவுக்கு "நி".

இரண்டாவது பாடுவதற்கான பிரதி. அதில் இன்றைய எழுத்துமுறையும் திருத்திய எழுத்துகளும் இருக்கும், அடைப்புகள் இரா. ஆறாம் பாட்டின் நான்காம் அடிக்கு மட்டும் வெற்றிடம் விட்டிருக்கிறது. எட்டாம் பாட்டில் எந்த வெளிச்சத்திலும் தெரியாத ஒரு சீர் உண்டு. முன்பின் சீர்களைக் கொண்டு அதில் நான்கு எழுத்து, காய்ச்சீர் என்பது வரை தெரிந்தது. அந்த அளவுக்குப் பல சொற்கள் பொருந்துவதால் அங்கே நான்கு புள்ளிகளே நிற்கின்றன. இதே பாட்டின் வேறொரு பிரதி ஊரில் எந்த வீட்டிலாவது கிடைத்தால் இவ்விரு இடங்களையும் நிரப்பிக்கொள்ளலாம்.

நோட்டின் தாள்களை அமிலமில்லாத தாள் உறைக்குள் ஒவ்வொன்றாக வைத்து, பூஜை அலமாரியிலிருந்து எண்ணெயும் வெயிலும் ஈரமும் படாத இடத்துக்கு மாற்றினார்கள். படங்களையும் இரு பிரதிகளையும் இரண்டு இடங்களில் தனித்தனியே சேமித்தார்கள். ஆடி வெள்ளிக்குப் பாடுவது இரண்டாவது பிரதியை வைத்து. ஐயம் வந்தால் பார்ப்பது முதலாவது பிரதியை.